வங்கிக்கு வந்த 1,090 ரூபாயும் முடங்கிய கணக்கும்

“அண்ணாமார், டெலிவரி அப் ஒன்றில் ரைடராகச் சேர்ந்து 12 நாள், வவுனியா. ஒப்பந்தத்தை வாசிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டேன். முதல் கிழமை உழைப்பு 13,790 என்று அப் காட்டியது, வங்கிக்கு வந்தது 1,090. நேற்று இரவு வங்கி மெஷினில் கம்பனிக்கு 12,000 வைப்பிலிட்டேன். இன்று காலை கணக்கு சஸ்பென்டட் என்கிறது. என்னைத் தூக்கிவிட்டார்களா? காசை ஏமாற்றுகிறார்களா? கிழமைக் கணக்கின் படமும் வைப்புத் துண்டின் படமும் போட்டிருக்கிறேன்.”

தம்பி, தூக்கவில்லை. காசும் எங்கும் போகவில்லை. ஆனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: அந்தத் துண்டின் படத்தில் உங்கள் போன் நம்பர் முழுதாகத் தெரிகிறது, அதை மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அந்த நம்பர் துண்டில் ஏன் இருக்கிறது என்பதுதான் இன்றைய பிரச்சினையே. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் நெல் ஆலை ஒன்றில் ஒன்பது வருசம் கணக்கெழுதியவன். அப்புறம் நாலு வருசம் இதே வவுனியாவில் டெலிவரி ஓடினேன். சட்டம் படித்தவன் அல்ல. ஒவ்வொரு கம்பனியின் விதியும் வேறு, ஒரே கம்பனியும் வருசத்தில் இரண்டு மூன்று தடவை மாற்றும். ஆகவே உங்கள் படங்களில் இருப்பதைத் திடமாகச் சொல்கிறேன். மற்றதை உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த 1,090. உங்கள் கிழமைக் கணக்கில் 52 ஓடர். ஓட்டக் கூலி 11,440, ஐம்பது ஓடர் தாண்டியதற்கு ஊக்கத்தொகை 2,000, அப் வழியாக வந்த டிப்ஸ் 350. மூன்றையும் கூட்டினால் 13,790. அப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்டுவது இதைத்தான். அது உங்கள் உழைப்பு, வங்கிக்கு வரப்போகும் தொகை அல்ல. கீழே சின்ன எழுத்தில் மூன்று வரி இருக்கிறது. டெலிவரிப் பைக்கும் மழைக்கோட்டுக்கும் தவணை 750. வாடிக்கையாளரிடம் கையில் வாங்கிய காசு 44,950. நீங்கள் திருப்பிக் கட்டியது 33,000.

அந்த 44,950 உங்களுடையது அல்ல. 31 ஓடருக்கு ஆட்கள் கையில் காசு தந்தார்கள். கொத்து ரொட்டியின் விலையும் டெலிவரிக் கட்டணமும் சேர்ந்த முழுத் தொகை அது. கடைக்காரருக்குக் கம்பனி தனியாகக் கொடுத்துவிடும். நீங்கள் கம்பனிக்காகக் காசு வசூலித்த ஆள் மட்டுமே. அதில் 13,000, 12,000, 8,000 என்று மூன்று தடவை கட்டிவிட்டீர்கள். மீதி 11,950 ஞாயிறு இரவு உங்கள் சட்டைப் பையில் இருந்தது. கம்பனி என்ன செய்தது? 13,790 இல் 750 ஐக் கழித்தது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 11,950 ஐயும் கழித்தது, மிஞ்சிய 1,090 ஐ வங்கிக்கு அனுப்பியது. வங்கியில் 1,090, பையில் 11,950, மொத்தம் 13,040. தவணையைத் தவிர ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அப்படியானால் ஏன் ஏமாந்த மாதிரி இருக்கிறது? பையில் இருந்த காசு பெற்றோலுக்கும் தேத்தண்ணிக்கும் வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஓடரும் வெறுமனே திரும்பி வருவதுமாகச் சராசரி 6 கிலோமீற்றர் என்று வைத்தால் 52 ஓடருக்கு 312 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடும் சைக்கிளென்றால் ஏறத்தாழ 7 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 2,100. அதை வசூல் காசிலிருந்து எடுத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான். செலவழித்தது சம்பளத்தின் முற்பணம் என்று அப்போது தெரியாது, செவ்வாய்க்கிழமை வங்கிக் குறுஞ்செய்தி வந்தபிறகுதான் சுடும். நான் செய்தது: வசூல் காசுக்கு ஒரு பை, செலவுக்கு ஒரு பை. சட்டையில் இடப்பக்கம் கம்பனிக் காசு, அதிலே கை வைக்கிறதில்லை.

ஒப்பந்தத்தில் இதற்கு இடம் தருவது ஒரே ஒரு வாக்கியம். “பங்காளருக்குச் செலுத்த வேண்டிய எந்தத் தொகையிலிருந்தும் அவர் கம்பனிக்குத் தரவேண்டிய எந்தத் தொகையையும் கழித்துக்கொள்ளலாம்” என்ற பொருளில் இருக்கும். சாதாரண வாக்கியம் போலத்தான் தெரியும். ஆனால் ‘எந்தத் தொகையையும்’ என்ற சொல்லுக்குள் வசூல் காசு மட்டுமல்ல, தவணை, ஓடர் கெட்டுப்போனதற்கான வெட்டு, நீங்கள் விலகும்போது டெலிவரிப் பைக்கு மிச்சம் இருக்கும் தவணை எல்லாமே அடங்கும். நீங்கள் வாசிக்காமல் சம்மதித்ததில் முதலில் தேடி வாசிக்க வேண்டியது இதுதான்.

இனி முடக்கம். உங்கள் அப்பில் வசூல் காசு என்ற இடத்தில் 15,650 என்று நிற்கிறது. எல்லை 15,000 என்று அதற்குக் கீழேயே இருக்கிறது. புது ரைடருக்கு எல்லை குறைவாகத்தான் வைப்பார்கள், சில மாதம் ஒழுங்காகக் கட்டினால் உயர்த்துவார்கள். எல்லையைத் தாண்டினால் மனிதர் யாரும் பார்க்கத் தேவையில்லை, கணினியே பூட்டிவிடும். சில அப்பில் காசு ஓடர் மட்டும் நிற்கும், கார்டில் கட்டிய ஓடர் வரும். உங்களுடையது எல்லாவற்றையும் நிறுத்தும் வகை.

நேற்று 12,000 போட்டீர்களே, அது கழிந்திருந்தால் 3,650 என்றல்லவா காட்ட வேண்டும்? துண்டைப் பாருங்கள். குறிப்பு எண் என்ற இடத்தில் உங்கள் ரைடர் எண் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 077 என்று தொடங்கும் உங்கள் போன் நம்பரை அடித்திருக்கிறீர்கள். முதல் மூன்று தடவையும் கொமினிக்கேஷன் கடையில் கட்டினேன் என்று கீழே ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். அங்கே கடைக்காரர் ரைடர் எண்ணைக் கேட்டு வாங்கி அடித்திருப்பார். மெஷின் கேட்காது, எதை அடித்தாலும் விழுங்கிக்கொள்ளும். ஆக உங்கள் 12,000 கம்பனியின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் யாருடைய காசு என்று தெரியாத காசாக அங்கே கிடக்கிறது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் 15,650 வைத்திருக்கும் ஆள்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தை மறுபடி புரட்டிக் கட்ட ஓடாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது அதுதான், பிறகு இரண்டு பன்னிரண்டையும் துரத்திக்கொண்டு திரிய வேண்டும். அப்பில் உதவி என்ற இடத்துக்குப் போய், காசு கட்டியது சேரவில்லை என்ற தலைப்பைத் தெரிவுசெய்து, ஒரே செய்தியில் எழுதுங்கள்: ரைடர் எண், தொகை, திகதி, நேரம், எந்த வங்கியின் எந்தக் கிளை மெஷின், தவறாக அடித்த எண் எது, துண்டின் படம். ‘குறிப்பு எண் பிழையாக அடிபட்டது, என் கணக்கில் சேர்த்துவிடுங்கள்’ என்ற ஒரு வரி போதும். ‘கட்டிவிட்டேன், ஏன் பூட்டினீர்கள்’ என்று மட்டும் எழுதினால், ‘எல்லையைத் தாண்டியதால்’ என்று ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்று வரும், அதிலேயே இரண்டு நாள் போய்விடும். சரியாக எழுதினால் ஒன்றிலிருந்து மூன்று வேலை நாளில் சேர்த்ததைக் கண்டிருக்கிறேன். இடையில் சனி, ஞாயிறு, போயா வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்றே ஓட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 15,650 ஐ எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் பூட்டுத் தானாகத் திறக்கும். அதற்கு 700 போதும். ஆனால் அடுத்த காசு ஓடரோடு திரும்பப் பூட்டும். ஆகவே கையில் இருப்பதில் மூவாயிரத்தைக் கொமினிக்கேஷன் கடையில் கட்டுங்கள், 12,650 ஆகும், ஒன்றிரண்டு காசு ஓடருக்கு இடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வருகிற செவ்வாய் இன்னொரு கேள்வி போடுவீர்கள். பல அப்களில் கிழமை திங்கள் அதிகாலையில் முடியும். அதற்குள் அந்த 12,000 சேராவிட்டால், கணினி உங்கள் உழைப்பிலிருந்து 15,650 முழுவதையும் கழிக்கும். இந்தக் கிழமை இதுவரை 7,000 உழைத்திருக்கிறீர்கள். நீங்கள் இன்று எதுவும் கட்டாமலும் மேலும் ஓடாமலும் விட்டால், தவணையைச் சேர்க்காமல் பார்த்தாலே கணக்கு −8,650 என்று காட்டும், வங்கிக்கு ஒன்றும் வராது. அந்தக் கழித்தல் குறியைக் கண்டு பயப்பட வேண்டாம். 12,000 சேர்ந்த அன்று அது +3,350 ஆகிவிடும். ஆனால் அதைக் கவனிக்காமலும் விட முடியாது. பாக்கி நீண்ட நாள் நின்றால் கணக்கை மூடலாம் என்று ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் ஒரு வாக்கியம் இருக்கும். எத்தனை நாள் என்பதைப் பாருங்கள். துண்டின் படத்தோடு முறைப்பாடு போட்டு அதன் எண்ணை வைத்திருந்தால் அந்த நாட்கணக்கு உங்களைப் பிடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் மேல்முறையீட்டில் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

சஸ்பென்டட் என்றால் பூட்டு, டிஅக்டிவேற்றட் என்றால் கதவையே எடுத்துவிட்டார்கள். புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதறுகிறார்கள். பூட்டிலும் இரண்டு வகை. ஒன்று கணினி போட்டு, காரணம் தீர்ந்தால் கணினியே திறப்பது. வசூல் காசு அந்த வகை, ஆவணத் திகதி முடிவதும் அந்த வகை. சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றில் எது காலாவதியானாலும் அந்த நள்ளிரவே பூட்டும். வருமான அனுமதிப்பத்திரம் வருசா வருசம் எடுப்பது. அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் முன்னதாக வேண்டும், ஆகவே ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். எடுத்த பிறகும் படத்தை ஏற்றினால் யாரோ பார்த்து அனுமதிக்க ஒரு நாள், இரண்டு நாள். நான் மூன்று கிழமைக்கு முன்பே தொடங்குவேன்.

மற்ற வகைப் பூட்டு, யாராவது முறைப்பாடு செய்ததால் மனிதர் பார்த்துத் திறக்க வேண்டியது. இதில் நான் மாட்டியிருக்கிறேன். பம்பைமடுப் பக்கம் மாணவர் விடுதி ஒன்றுக்கு இரவு ஓடர். உள்ளே விடமாட்டார்கள். பெடியன் போனில், வாசலில் காவலாளியிடம் கொடுங்கோ, வந்து எடுக்கிறன் என்றான். கொடுத்தேன், ‘கொடுத்தாயிற்று’ என்று அழுத்தினேன், வந்துவிட்டேன். அவன் வருவதற்குள் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். சாப்பாடு கிடைக்கவில்லை என்று முறைப்பாடு. மறுநாள் கணக்கு பூட்டு, ஓடர் காசு 1,180 என் கிழமைக் கணக்கில் வெட்டு. ஐந்து நாள் சும்மா இருந்தேன். என்னைக் காப்பாற்றியது இரண்டு விடயம். அழைத்தது என் போனிலிருந்து நேரடியாக அல்ல, அப்புக்குள் இருந்து அழைத்தேன், அந்த அழைப்பின் நேரம் அவர்களிடமே பதிவாகியிருந்தது. வாசல் மேசையில் பையை வைத்தபோது படம் ஒன்று எடுத்திருந்தேன். அதை அனுப்பியபின் பூட்டைத் திறந்தார்கள், 1,180 ஐயும் திருப்பிப் போட்டார்கள். ஐந்து நாள் உழைப்பு? அது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அதன்பிறகு கையில் கொடுக்காத எந்த ஓடரையும் நான் படமில்லாமல் விட்டதில்லை. ‘காவலாளியிடம் கொடுங்கோ’ என்பதை அப்பின் செய்திப் பெட்டியில் எழுதச் சொல்லிக் கேட்பேன், சிலர் எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.

வெட்டு வந்தால் மறுப்பதற்குக் கால எல்லை உண்டு என்பதையும் கவனியுங்கள். சில ஒப்பந்தங்களில் கிழமைக் கணக்கு வந்து குறித்த நாட்களுக்குள் எழுதாவிட்டால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். செவ்வாய் இரவு பத்து நிமிசம் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.

இனித் திறக்காதவை. எங்கள் பக்கம் நான் நேரில் கண்டவை மூன்றுதான். ஒன்று, கணக்கை மற்றவருக்குக் கொடுப்பது. நெளுக்குளத்துப் பெடியன் ஒருவன் காய்ச்சல் என்று தம்பியை ஓட விட்டான். நடுவில் அப் முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது, தம்பியின் முகம் விழுந்தது, அன்றோடு முடிந்தது. தம்பிக்கும் அனுமதிப்பத்திரம் இருந்தது, ஹெல்மெட் இருந்தது, ஒரு பிழையும் செய்யவில்லை. அது எடுபடவில்லை. காரணமும் இருக்கிறது, விபத்து நடந்தால் சைக்கிளில் இருந்தவர் யார் என்ற கேள்வி எல்லாரையும் கட்டும். இரண்டு, இடத்தைப் பொய்யாகக் காட்டும் அப். மூன்றாவது ஊரில் பெரிய பிழையாக யாரும் நினைக்காதது: வாடிக்கையாளர் ‘அப்பில் கான்சல் பண்ணிப்போட்டு நேரே தாங்கோ, கூடத் தாறன்’ என்பார். ஒரு தடவை அகப்படாது. ஆனால் நீங்கள் கடையில் எடுத்த பின் கான்சல் ஆன ஓடர்களும், நீங்கள் அதே வீட்டு வாசலுக்கே போனதும் வரைபடத்தில் கோடாக விழும். மூன்று நாலு கோடு சேர்ந்தால் மோசடி என்று மூடுவார்கள், மேல்முறையீட்டில் வாதிட ஒன்றும் இருக்காது.

இதற்குப் பயந்து நேர்மையான கான்சலையும் விட வேண்டாம். எங்கள் இடத்தில் ஒழுங்கைகளுக்குப் பெயர் இல்லை, வீட்டுத்திட்டங்களில் வரைபடப் புள்ளி குளக்கட்டில் விழும். ஆள் போன் எடுக்காவிட்டால் அப்புக்குள் இருந்தே அழைத்து, அப் சொல்லும் நிமிடம் வரை காத்திருந்து, உரிய காரணத்தைத் தெரிவுசெய்து கான்சல் பண்ணுங்கள். புள்ளியிலிருந்து தூரத்தில் நின்று ‘வந்துவிட்டேன்’ என்று அழுத்துவதுதான் பிழையாகப் பதியும். ஓடரை ஏற்காமல் விடுவதால் பொதுவாக ஊக்கத்தொகைதான் போகும், கணக்கு போகாது.

கடைசியாக, ‘என்னைத் தூக்கினால் எங்கே போவது’ என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். ஒப்பந்தம் உங்களை ஊழியர் என்று சொல்லாது, சுயாதீனச் சேவை வழங்குநர் என்று சொல்லும். அதனால்தான் உங்கள் கணக்கில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டப்படவில்லை, கம்பனியும் தன் 12 சதவீதத்தையும் நம்பிக்கை நிதியின் 3 சதவீதத்தையும் போடவில்லை. பெரும்பாலான ஒப்பந்தத்தில் காரணம் சொல்லாமல் சில நாள் அறிவித்தலோடு முடிக்கலாம் என்றும், குறித்த பிழைகளுக்கு அறிவித்தலே இல்லாமல் முடிக்கலாம் என்றும் இருக்கும். இது நிச்சயம். நிச்சயமில்லாதது, தாளில் எழுதிய பெயர்தான் கடைசி வார்த்தையா என்பது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்ற சொல்லுக்கு, தானே ஒரு வேலையைச் செய்து கொடுக்க ஒப்பந்தம் செய்தவரையும் சேர்க்கும் அகலமான வரைவிலக்கணம் இருக்கிறது. அது ரைடருக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால், அப்பில் மேல்முறையீடு போட்டுப் பதிலுக்காகக் காத்தே அந்த ஆறு மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை கேட்கக் கட்டணம் இல்லை.

உங்களுக்கு இதெல்லாம் இப்போது தேவையில்லை தம்பி. இன்று மதியத்துக்குள் அந்த முறைப்பாட்டைப் போடுங்கள். வைப்புத் துண்டு வெப்பத்தில் அச்சடிக்கும் தாள், வவுனியா வெயிலில் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தால் எழுத்து வாசிக்க முடியாமல் போகலாம். போனில் ஒரு படம், வீட்டில் ஒரு போட்டோக் கொப்பி. முறைப்பாட்டு எண் வந்ததும் இங்கே போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து.